ஆறு குழாயும் ஒரு எஸ்.பி.எல். தேர்தலும்

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அக்கா மகள் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தஞ்சாவூர்ப் பக்கம் சிறு நகரம், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. "மாமா, எஸ்.பி.எல். எலெக்‌ஷன்ல நிக்கிறேன். இதக் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

நான் இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். சட்டமன்றத் தேர்தலில் இருந்து கூட்டுறவுச் சங்கத் தேர்தல் வரை எத்தனையோ பிட் நோட்டீஸ் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கிறது. அவள் தாளை வாங்கிப் பார்த்ததும் பழைய வாடிக்கையாளர் யாரோ எழுதிக் கொடுத்தனுப்பியது போல இருந்தது.

'அன்பார்ந்த மாணவச் செல்வங்களே!' என்று ஆரம்பம். பள்ளிக்குப் புதிய ஆர்.ஓ. பிளான்ட் அமைத்துத் தரப்படும். தினமும் பி.டி. பீரியடு நடைபெற ஆவன செய்யப்படும். கேண்டீனில் தரமான உணவு மலிவு விலையில் வழங்கப்படும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் ரத்து செய்யப்படும். பெண்கள் கழிப்பறை நவீனமயமாக்கப்படும். கீழே, 'வாய்ப்புக் கொடுங்கள், மாற்றத்தைக் காணுங்கள்.'

"யாரு தரப்போறா?" என்றேன்.

"எதை?"

"ஆர்.ஓ. பிளான்ட். 'தரப்படும்'னு எழுதியிருக்க. யாரு தருவா?"

யோசித்தாள். "ஸ்கூல்ல கேட்டு வாங்குவேன்."

"அப்ப அதத்தான எழுதணும்."

தமிழில் வாக்குறுதி முழுக்க வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ஆர்.ஓ. பிளான்ட், கேண்டீன், கழிப்பறை எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். அவற்றை என்ன செய்யப்போகிறார்கள் என்பதற்கு முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் போக வேண்டும். அந்த இடத்தில் 'செய்வேன்' இருந்தால் ஒரு கணக்கு, 'செய்யப்படும்' இருந்தால் வேறு கணக்கு. 'செய்யப்படும்' என்பதில் ஆளே கிடையாது. நாளைக்கு நடக்காவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? 'ஆவன செய்யப்படும்' இன்னும் ஒரு படி மேலே. ஆளும் இல்லை, செயலும் இல்லை. கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளில் எனக்குப் பிடித்த சொல் 'வலியுறுத்துவோம்'. மாநில அரசின் கையில் இல்லாத காரியங்களுக்கு, மத்திய அரசு செய்ய வேண்டியவற்றுக்கு, அதைப் போடுவார்கள். அந்தச் சொல்லில் ஒரு நேர்மை உண்டு: எங்கள் கையில் இல்லை, கேட்டுக்கொண்டிருப்போம் என்று அதற்கு அர்த்தம். அதைப் பெரிய எழுத்தில் போடாமல் பக்கத்தின் அடியில் போடுவதுதான் வழக்கம்.

அவளிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் மட்டும் வட்டம் போடச் சொன்னேன். ஐந்து வட்டம் போட்டாள். ஐந்தும் 'படும்'.

எஸ்.பி.எல். என்பது 'ஸ்கூல் பியூப்பிள் லீடர்', அதாவது பள்ளி மாணவர் தலைவர். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ரொம்ப காலமாக இருக்கும் பதவி. அரசுப் பள்ளிகளில் 2024 முதல் 'மகிழ் முற்றம்' என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்திருக்கிறார்கள். எந்தப் பள்ளியானாலும் மாணவர் தலைவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: காலைக் கூட்டத்தில் 'அட்டென்ஷன்' சொல்லலாம், உறுதிமொழி வாசிக்கலாம், வரிசையைச் சரிசெய்யலாம், விழா நாளில் ஓடியாடலாம். சட்டையில் ஒரு பேட்ஜ் இருக்கும். கையில் பணம் இருக்காது. கால அட்டவணையில் கை வைக்க முடியாது. ஆசிரியரை எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உண்டு. தலைமை ஆசிரியர் அறைக்குள் போய்ப் பேசினால், 'நீ யார், எதுக்கு வந்த' என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பதவியின் மொத்தச் சொத்தும் அந்தக் கதவுதான். நிஜமாக நடக்கக்கூடிய வாக்குறுதி எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் போய் வர முடியும்.

"ஆர்.ஓ. பிளான்ட் எதுக்கு வேணும்?" என்று கேட்டேன்.

"தண்ணி பத்தல மாமா. இன்டர்வெல்ல சின்னப் பிள்ளைங்களுக்குக் கிடைக்கவே மாட்டேங்குது."

"பத்தலையா, கிடைக்கலையா?"

ரெண்டும் ஒன்றில்லையா என்பது போலப் பார்த்தாள். மறுநாள் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இடைவேளை எத்தனை நிமிஷம், எத்தனை குழாய், எத்தனை பேர் வருகிறார்கள், ஒரு பாட்டில் நிரம்ப எத்தனை வினாடி. பள்ளியில் செல்போன் கூடாது. அவள் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தில் வினாடி முள் உண்டு, அது போதும்.

மூன்று நாள் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். காலை இடைவேளை 10 நிமிஷம். குழாய் ஆறு. ஓடுவது நாலு. ஐந்தாவது குழாயில் மரை தேய்ந்து, திருகினால் சும்மா சுற்றுகிறது. ஆறாவது குழாயைக் கழற்றிவிட்டு டம்மி போட்டு அடைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை பாட்டிலைப் பிடித்து, மூடி போட்டு, நகர்ந்து அடுத்த பிள்ளை வருவதற்குச் சராசரியாக 20 வினாடி. வரிசைக்கு வருபவர்கள் ஒரு நாளைக்கு 170 பேர் மாதிரி. மற்றவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைக் குடித்துக்கொள்கிறார்கள், அல்லது மதியம்தான் பிடிக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. 10 நிமிஷம் என்பது 600 வினாடி. ஒரு குழாயில் 30 பேர் பிடிக்கலாம். நாலு குழாய்க்கு 120. வருவதோ 170. ஆக, தினமும் 50 பேர் வெறும் பாட்டிலோடு திரும்புகிறார்கள். அந்த 50 பேர் யார் என்று கேட்கவே வேண்டாம், தோள் உயரம் இல்லாத ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும்தான். ஆறு குழாயும் ஓடினால் 180 பேர். எல்லாருக்கும் கிடைத்துப் பத்து பேருக்கு மிச்சம்.

தண்ணீர் பத்தாமல் இல்லை, தொட்டி நிறைய இருக்கிறது. ரெண்டு குழாய் ஓடவில்லை, அவ்வளவுதான். லட்ச ரூபாய்ப் பிளான்ட்டாக இருந்த வாக்குறுதி ஒரே சாயங்காலத்தில் ஒரு பிளம்பர், அரை நாள் கூலி, ரெண்டு பித்தளைக் குழாய் என்று இளைத்துப் போனது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "இத எழுதினா யாரு மாமா ஓட்டுப் போடுவா? வெறும் குழாய்னு சிரிப்பாங்க."

சிரிப்பவர்கள் யார், ஓட்டுப் போடுபவர்கள் யார் என்று பார்க்கலாமே என்றேன். அந்தப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை 840 பேர். அதில் ஆறு, ஏழு, எட்டு மட்டும் 390. ஒன்பதும் பத்தும் 240. மேல்நிலை இரண்டு வருடமும் சேர்த்து 210. அவளும் அவள் தோழிகளும் நோட்டீஸை மனதில் வைத்து எழுதியது அந்த 210 பேருக்கு. யூனிஃபார்ம், கேண்டீன், ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் அவர்களுடைய கவலை. வாக்குச்சீட்டு குவிந்து கிடப்பதோ தண்ணீர் கிடைக்காமல் திரும்பும் கூட்டத்தில்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பிறந்த வழக்கு என்பதால் அவளிடமும் சொன்னேன். தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சி, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மடிக்கணினி என்று வாக்குறுதிகள் வந்ததை எதிர்த்து எஸ். சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் நீதிமன்றம் போனார். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் இப்படிச் சொல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று மனுவை ஏற்கவில்லை. கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது. அடுத்த வருடம் நடத்தை விதிகளில் அது சேர்ந்தது. அதன் சாரம் ரெண்டே விஷயம்: வாக்குறுதிக்குப் பின்னால் உள்ள காரணத்தைச் சொல்ல வேண்டும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் குத்துமதிப்பாகவாவது காட்ட வேண்டும். நிறைவேற்றக்கூடியதை மட்டும் சொல்லித்தான் வாக்காளர் நம்பிக்கையைக் கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கட்சிகள் அதை எப்படிப் பின்பற்றுகின்றன என்பதை விட்டுவிடுவோம். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. ஏன் என்றால், 50 பேர் வெறும் பாட்டிலோடு போகிறார்கள். பணம் எங்கே என்றால், அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தாள். அலுவலகத்தில் ஹெட்கிளார்க்கிடம் போய், குழாய் ரிப்பேருக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறாள். சின்னச் செலவுதான், ஹெச்.எம். கையெழுத்துப் போட்ட ஒரு குறிப்பு வந்தால் பிளம்பரைக் கூப்பிட்டுவிடலாம், ஆனால் இதுவரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்று அவர் சொன்னாராம். பிறகு ஹெச்.எம்.மிடமே போய், "சார், நான் ஜெயிச்சா குழாயப் பத்தி எழுதிக் குடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். "ஜெயிக்காட்டியும் எழுதிக் குடும்மா" என்றாராம் அவர். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

ஒரு வாக்குறுதி நடக்குமா நடக்காதா என்று கண்டுபிடிக்க அச்சகத்தில் நாங்கள் விளையாட்டாக ஒரு சோதனை வைத்திருந்தோம். ஜெயித்த மறுநாள் காலையில் இந்த ஆள் முதலில் யாரைப் பார்க்கப் போவார்? அதற்குப் பதில் நோட்டீஸிலேயே தெரிந்தால் பரவாயில்லை. 'மாற்றத்தைக் காணுங்கள்' என்று எழுதியவர் மறுநாள் காலை எங்கே போவார்? டீக்கடைக்குத்தான்.

மற்ற வாக்குறுதிகளையும் அந்தச் சோதனையில் போட்டோம். கேண்டீன் ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு முறைதான் ஒப்பந்தம் மாறும், அதை எடுத்துவிட்டாள். சனிக்கிழமை வகுப்பு பொதுத்தேர்வுக்காக நடப்பது. பெற்றோரே கேட்டு வாங்கியது, அவள் அம்மா உட்பட. அதுவும் போனது. பி.டி. பீரியடு விஷயத்தில்தான் அவளால் விடவே முடியவில்லை. வாரத்துக்கு ரெண்டு பீரியடு தாளில் இருக்கிறது. ஒன்றைக் கணக்கு ஆசிரியர் 'போர்ஷன் முடியல' என்று கடன் வாங்கிவிடுகிறார், இன்னொன்றை இயற்பியல். கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

"இத என்னால நிறுத்த முடியாதுன்னு தெரியும் மாமா. ஆனா சொல்லாம இருக்க முடியல."

அப்படியென்றால் நிறுத்துவேன் என்று எழுதாதே, கேட்பேன் என்று எழுது என்றேன். அவள் அதில் தன் பங்கைச் சேர்த்தாள். எந்த வகுப்பில் எத்தனை பீரியடு கடன் போனது என்று வகுப்புத் தலைவர்கள் ஒரு நோட்டில் குறித்துவைப்பார்கள். பரீட்சை முடிந்த வாரம் பாடம் ஓடாது, அப்போது அந்த நோட்டைக் காட்டித் திருப்பிக் கேட்பது. கடன் என்று சொல்லிவிட்டு வாங்குபவரிடம் கணக்கு நோட்டு நீட்டினால் அவர் என்ன சொல்ல முடியும்?

ஆக, இப்போது அவள் கையில் மூன்று வாக்குறுதி, மூன்று வினைச்சொல். குழாய்க்கு 'எழுதிக் கொடுப்பேன்'. பி.டி. பீரியடுக்கு 'கேட்பேன்'. 'செய்வேன்' என்று தைரியமாகச் சொல்ல அவளுக்கு ஒன்று வேண்டும், அதாவது யாரிடமும் அனுமதியோ பணமோ கேட்காமல் தன் கையாலேயே முடிகிற ஒன்று. தொலைந்த பொருள் பெட்டி அப்படி வந்ததுதான். வாட்டர் பாட்டில், டிபன் பாக்ஸ் மூடி, ஜாமெட்ரி பாக்ஸ், ஒற்றைச் சாக்ஸ் என்று தினமும் கிடைப்பதெல்லாம் வாட்ச்மேன் அறையில் ஒரு மூட்டையாகக் கிடக்கிறது. ஓர் அட்டைப் பெட்டியும் மதியம் பத்து நிமிஷம் உட்கார ஓர் ஆளும் போதும்.

எழுதுவதில் அடுத்த சண்டை மொழியால் வந்தது. முதல் தாளில் இருந்தது மேடைத் தமிழ். ரெண்டாவது தாளில் நேரெதிராகப் போய், 'ஹாய் குட்டீஸ், உங்க அக்கா பேசுறேன்' என்று எழுதியிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சரி. ஒன்பதாம் வகுப்புப் பையன் தன்னைக் குட்டி என்று கூப்பிட்டால் பொறுப்பானா? தன் வகுப்பிலேயே அவளை 'வாடி போடி' என்று பேசும் தோழிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவள் அக்கா இல்லை. ஒரே தாளை எல்லாரும் படிக்கப்போகிறார்கள். போதாதற்கு, பேச்சுத் தமிழில் எழுதினால் தமிழ் ஐயா கையெழுத்துப் போட மாட்டார். கடைசியில் அவள் பிடித்த வழி எனக்கும் பிடித்திருந்தது. எழுத்துத் தமிழிலேயே எழுதுவது, ஆனால் வாக்கியத்தைப் பேசுகிற நீளத்துக்கு வெட்டுவது. எல்லாருக்கும் 'நீங்கள்'. ஆறாம் வகுப்புக்கு மட்டும் தனியாக ஒரு வரி, அதில் மட்டும் அக்கா. சிநேகமாகப் பேசுவது என்றால் குழைவது என்று பலரும் நினைக்கிறார்கள். தன்னால் முடியாததை முகத்துக்கு நேராகச் சொல்வதில் இருக்கும் சிநேகம் 'செல்வங்களே'வில் கிடையாது என்பது என் கட்சி.

பள்ளி விதி ஒன்று அவளுக்கு உதவியது. ஒரு வேட்பாளருக்கு ஒரே ஒரு சார்ட், கையால் எழுதியது, வகுப்பாசிரியர் கையெழுத்தோடு. அச்சடித்த தாள் கூடாது. கல்லூரித் தேர்தல்களுக்கு இதே மாதிரி விதி உண்டு. லிங்டோ குழு 2006-ல் கொடுத்த அறிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதை மட்டும் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டலாம். அது பள்ளிகளுக்கு எழுதியதில்லை, ஆனாலும் இந்தப் பள்ளிக்கு யாரோ அதிலிருந்துதான் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். அச்சகத்தில் பிழைத்த நான் இந்த விதியை ஆதரிப்பது கொஞ்சம் துரோகம்தான்.

சார்ட் என்பது 22 அங்குல அகலம், 28 அங்குல உயரம். தள்ளி நின்று படிக்க வேண்டுமானால் எழுத்து அரை அங்குலமாவது வேண்டும், வரிக்கும் வரிக்கும் இடைவெளி வேண்டும். ஓரம் விட்டால் இருபத்து நாலு வரி. ஒரு வரிக்கு நாலு அல்லது ஐந்து வார்த்தை. மொத்தம் நூற்றுச் சொச்சம் வார்த்தைதான் இடம் பிடிக்கும். அதற்கு மேல் எழுதினால் எழுத்து சிறுத்துவிடும், படிக்க ஆள் இருக்காது. நூறு வார்த்தைக்குள் ஐந்து வாக்குறுதியை நெருக்கிப் போட்டால் ஒன்றுக்கும் வழி சொல்ல இடம் இருக்காது. மூன்று என்றால் இடம் இருக்கிறது.

ஒரு வரியில் மட்டும் அடி வாங்கினாள். பெண்கள் கழிப்பறையில் ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். 'நவீனமயம்' என்று அவள் முதலில் எழுதியதற்குள் இருந்த விஷயம் இதுதான். அதை வெளிப்படையாக, 'ரெண்டு தாழ்ப்பாள் போடச் சொல்வேன்' என்று மாற்றியதும் வகுப்பாசிரியை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நிர்வாகத்தார் வந்தால் போர்டில் இதையா பார்ப்பது, பையன்களும் படிப்பார்களே என்றாராம். வீட்டுக்கு வந்து அழுதாள். நோட்டீஸில் சொல்லக்கூடியதை நோட்டீஸிலும், சொல்ல முடியாததை அந்தக் கதவு வழியாகவும் கொண்டுபோகலாம் என்று மட்டும் சொன்னேன். எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. அந்த வரியை அவள் எப்படி மாற்றினாள் என்பது கீழே இருக்கிறது. கடைசியாகச் சார்ட்டில் ஏறியது இது:

'நான் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு. எஸ்.பி.எல். தேர்தலில் நிற்கிறேன்.

தண்ணீர்: ஆறு குழாயில் நாலுதான் ஓடுகிறது. தினமும் 50 பேருக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. எண்ணிப் பார்த்தேன். மற்ற இரண்டையும் சரிசெய்ய முதல் வாரமே ஹெச்.எம். சாரிடம் எழுதிக் கொடுப்பேன். என்ன ஆனது என்று வெள்ளிக்கிழமைதோறும் இந்த போர்டில் எழுதுவேன்.

தொலைந்த பொருள்: மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி வைப்பேன். மதியம் நானோ என் வகுப்பில் ஒருவரோ அங்கே இருப்போம்.

பி.டி. பீரியடு: கடன் போனவற்றைக் குறித்துவைத்துப் பரீட்சைக்குப் பிறகு திருப்பிக் கேட்பேன். கேட்கத்தான் முடியும்.

சனிக்கிழமை வகுப்பை என்னால் நிறுத்த முடியாது. எனக்கும் இருக்கிறது.

பெண்கள் போர்டில் எழுத முடியாத குறைகளை என்னிடம் சொல்லலாம். பெயர் சொல்லாமல் டீச்சரிடம் கொண்டுபோவேன்.

ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, மஞ்சள் சைக்கிள் அக்கா நான்தான்.'

அடியில் பெரிய எழுத்தில் அவள் பெயர். தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதை விட்டுவிட்ட நோட்டீஸை எங்கள் முதலாளி மெஷினில் ஏற்றவே விடமாட்டார். சொன்னது யார் என்று தெரியாத நோட்டீஸுக்கு அவர் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

மஞ்சள் சைக்கிள் அவள் அப்பா ஓட்டியது. பள்ளியில் அந்த நிறத்தில் வேறு கிடையாது. 390 சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தியின் பெயர் தெரியாது, ஆனால் அந்தச் சைக்கிளைத் தெரியும். சுயேச்சைகள் பூட்டு சாவியும் சீப்பும் கேட்டு அலைவதும் இதற்காகத்தானே. ஆனால் இங்கே வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது, பெயர் மட்டும்தான். அதனால்தான் சைக்கிளுக்கு அடுத்த வரியிலேயே பெயர்.

மூன்று பேர் போட்டி. ஒரு பையன் பிரமாதமாகப் பேசினான். டிஜிட்டல் நூலகம் தருவதாகச் சொன்னான். இன்னொருவன் நண்பர்களை விட்டு ஆறாம் வகுப்பில் மிட்டாய் கொடுத்து மாட்டிக்கொண்டான், எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். இவளுக்கு மேடைப் பேச்சு வராது. காலைக் கூட்டத்தில் கிடைத்த ரெண்டு நிமிஷத்தில் சார்ட்டில் இருந்ததைத்தான் சொன்னாள். 'எனக்கும் இருக்கிறது' என்ற இடத்தில் மைதானமே சிரித்ததாம்.

பதிவானது 803 வாக்கு. இவளுக்கு 318, டிஜிட்டல் நூலகத்துக்கு 291, மிட்டாய்க்கு 176. செல்லாதவை 18, அதில் சிலவற்றில் மூன்று பெயருக்கும் டிக் போட்டிருந்தது. ஆறாம் வகுப்பு யாரையும் வருத்தப்பட வைக்க விரும்பவில்லை போலிருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமைத் தாள்: 'குழாய் பற்றி திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். பிளம்பர் வரவில்லை. பெட்டி வைத்தாகிவிட்டது. ஒரு வாரத்தில் 14 பாட்டில், உரிமையாளர் வந்தது 5.' ரெண்டாவது வாரம் ஐந்தாவது குழாய் ஓட ஆரம்பித்தது. ஆறாவதில் சிக்கல். டம்மியைக் கழற்றிப் பார்த்தால் சுவருக்குள்ளே பைப்பே துருப்பிடித்து அடைத்திருக்கிறது. சுவரை உடைக்க வேண்டும், நிர்வாகம் ஒப்ப வேண்டும், காலாண்டு விடுமுறையில்தான் முடியும் என்றார் ஹெச்.எம்.

அதை எப்படி எழுதுவது என்று அன்று ராத்திரி போன் செய்தாள். நான் சொல்வதற்குள் அவளே எழுதி வைத்திருந்தாள்: 'ஆறாவது குழாய் விடுமுறைக்குப் பிறகுதான். சுவருக்குள் பைப் கெட்டிருக்கிறது. தேர்தலுக்கு முன்னால் நான் வெளியே மட்டும்தான் பார்த்தேன்.'

ஐந்து குழாய்க்கு 150 பேர். இன்னும் 20 பேர் பாக்கி. இந்த முறை கணக்கை அவளே போட்டாள். ஆறாம் வகுப்பை மட்டும் மணிக்கு ரெண்டு நிமிஷம் முன்னால் விட்டால் 120 வினாடி. ஒரு குழாய்க்கு ஆறு பேர், ஐந்து குழாய்க்கு முப்பது பேர். கேரளப் பள்ளிகளில் 2019-ல் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடிக்க ஆரம்பித்ததை எங்கோ படித்து, அதையும் மனுவில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். பைசாச் செலவில்லாத காரியம் என்பதால் ஹெச்.எம். அன்றே ஒத்துக்கொண்டாராம். தாழ்ப்பாள் ரெண்டும் ஆகஸ்ட் கடைசியில் வந்தன. போர்டில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பி.டி. பீரியடு நோட்டில் அவள் வகுப்பு மட்டும் 11 கடன் காட்டியது. காலாண்டுத் தேர்வு முடிந்து நாலு திரும்பி வந்தது. கணக்கு ஆசிரியர், "வட்டி எவ்வளவும்மா?" என்று கேட்டுக்கொண்டே ரெண்டு கொடுத்தாராம். மிச்சம் ஏழு வராது என்று அவளுக்கே தெரியும். '11-ல் 4' என்றுதான் போர்டில் இருக்கிறது.

அக்டோபரில் ஒரு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். போர்டில் அந்த வாரத் தாள் இருந்தது. 'குழாய் 6: ஓடுகிறது' என்று எழுதி, கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, என் இடுப்பு உயரத்தில், பென்சிலில் கோணல் மாணலாக யாரோ எழுதியிருந்தார்கள்: 'அக்கா ஆறாவது கொழாய்ல மத்தியானம் சுடுதண்ணி வருது.'

புதுப் பைப்பை வெயில் அடிக்கும் சுவரின் வெளிப்பக்கமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "பாத்தேன் மாமா" என்றாள். பையில் இருந்து நோட்டை எடுத்துக் காட்டினாள். எந்த நேரத்திலிருந்து சுடுகிறது என்று, மூன்று நாளைக்கு, மணி போட்டுக் குறித்து வைத்திருந்தாள்.